எது திரும்ப வேண்டும், எது திரும்பக் கூடாது

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 மணியிலிருந்து 3:00 மணி வரை, நேரடி வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 2005 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை நேர அட்டவணையை அரபியிலும் தொழிலாளருக்குப் புரிகிற மொழியிலும் எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பதும் முதலாளியின் கடமை. ஆகவே வெயில் ஏறுவதற்கு முன்பே கட்டுமானத் தளங்களுக்கான போஸ்டர்களும் பேனர்களும் அச்சகத்துக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் வடிவமைத்து, ஒப்புதல் வாங்கி, கடைசியில் ‘இதற்கு அரபியையும் போட்டுக் கொடுங்கள்’ என்று வந்து நிற்கும் வேலைதான் இங்கே நாம் பார்க்கப்போவது.

அப்படி ஒரு போஸ்டரைக் கற்பனை செய்துகொள்வோம். மேலே இடது பக்கம், பெரிய ஆங்கில எழுத்துகளில், வேலையை நிறுத்தச் சொல்லும் தலைப்பு. அதன் கீழே 12:30 காட்டும் ஒரு வட்டக் கடிகாரம். வலது பாதியில், ஒரு தொழிலாளி வலது கையால் பாட்டிலைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கும் புகைப்படம். அவர் முகம் தலைப்பை நோக்கியிருக்கிறது. நடுவில் மூன்று சிறு படங்கள்: ஒருவர் தலைசுற்றி விழுகிறார், அவரை நிழலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். அடியில் நிழற்கூடம் இருக்கும் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி, நிறுவனத்தின் சின்னம், உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண். மொழிபெயர்ப்பாளர் அரபி வாசகங்களை வேர்ட் ஃபைலில் அனுப்பிவிட்டார். டிசைனருக்கு அரபி தெரியாது.

அரபி வலமிருந்து இடமாகப் போகும் மொழி என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் இரண்டு வழிகள் உடனே தோன்றும். ஆங்கிலம் இருந்த பெட்டிகளில் அரபியை ஒட்டிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவது ஒன்று. முழுப் போஸ்டரையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப்போடுவது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஒரு போஸ்டரில் வாசிப்பு வரிசையைச் சேர்ந்தவை சில, உலகத்தைச் சேர்ந்தவை சில. முன்னவை திரும்ப வேண்டும், பின்னவை திரும்பக் கூடாது. எது எந்தப் பக்கம் சேரும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வாசிப்பு வரிசை தெளிவாகத் தெரிவது அந்த மூன்று படங்களில். ஆங்கில வாசகர் இடதிலிருந்து பார்த்து, விழுந்தவர், நிழல், தண்ணீர் என்று புரிந்துகொள்வார். படங்களை நகர்த்தாமல் தலைப்புகளை மட்டும் அரபியாக்கினால், அரபி வாசகர் வலது ஓரத்திலிருந்து தொடங்குவார். தண்ணீர் குடித்த ஒருவரை நிழலுக்குத் தூக்கிப் போகிறார்கள், அங்கே அவர் தலைசுற்றி விழுகிறார். விளம்பரத் துறையில் ஒரு சலவைத்தூள் கதையை இதற்காகவே சொல்லிச் சிரிப்பார்கள். அழுக்குச் சட்டை, வாளி, வெள்ளைச் சட்டை என்ற மூன்று படங்கள் வலமிருந்து பார்த்தபோது வெள்ளைச் சட்டையை அழுக்காக்கும் தூளுக்கு விளம்பரமாகிவிட்டதாம். நடந்ததோ இல்லையோ, சிக்கல் உண்மை. முதல் படம் வலது ஓரத்துக்குப் போக வேண்டும், மூன்றாவது இடது ஓரத்துக்கு. படங்களின் இடம் மாறினால் போதும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே திருப்பத் தேவையில்லை. படங்களுக்கு இடையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிறு அம்புகள் இருந்தால் அவை மட்டும் இடது பக்கம் பார்க்க வேண்டும்.

தலைப்பும் அப்படியே. இடது மேல் மூலை என்பது ஆங்கிலக் கண் முதலில் இறங்கும் இடம். அரபிக் கண்ணுக்கு அது வலது மேல் மூலை. ஆக, தலைப்பு வலது பாதிக்கு வருகிறது, புகைப்படம் இடது பாதிக்குப் போகிறது. இங்கேதான் கை தானாகவே அந்த ‘ரிஃப்ளெக்ட்’ கட்டளைக்குப் போகும். புகைப்படத்தில் இருப்பவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரை இடது பாதியில் வைத்தால் தலைப்புக்கு முதுகைக் காட்டி, போஸ்டருக்கு வெளியே பார்ப்பார். திருப்பிவிட்டால் சரியாகிவிடுமே?

திருப்பினால் அவர் இடது கையால் தண்ணீர் குடிப்பார். இஸ்லாமிய வழக்கில் உண்பதும் பருகுவதும் வலது கையால். இடது கையால் குடிக்கும் மனிதரைப் பெரிதாக அச்சடித்து வளைகுடாவின் கட்டுமானத் தளத்தில் தொங்கவிட்டால், பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். அவருடைய தலைக்கவசத்திலோ மேலங்கியிலோ எழுத்து இருந்தால் அதுவும் இடவலமாகத் திரும்பிவிடும். அதைத் தனியே அழித்து எழுதுவதற்குள் வேறு படமே தேடிவிடலாம். என் கருத்து, மனிதர் இருக்கும் புகைப்படத்தைத் திருப்பவே வேண்டாம். அதே படப்பிடிப்பில் வேறு கோணத்தில் எடுத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் படத்தை இறுக்கமாக வெட்டி, முகத்தையும் பாட்டிலையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்வை எங்கே போகிறது என்பது அப்போது அவ்வளவு உறுத்தாது.

கடிகாரம் இன்னும் மோசமான பொறி. 12:30-ஐக் காட்டும் கடிகாரத்தில் சிறிய முள் 12-க்கும் 1-க்கும் நடுவில் நிற்கும், பெரிய முள் நேர் கீழே. எண்கள் இல்லாத, கோடுகள் மட்டும் போட்ட கடிகாரமாக இருந்து அதைத் திருப்பினால், சிறிய முள் 11-க்கும் 12-க்கும் நடுவே போய்விடும். பெரிய முள் கீழேயே இருக்கும். அதாவது கடிகாரம் 11:30 காட்டும். முள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் யாராவது கவனிப்பார்கள். இதுவோ முழுக்க முழுக்க நம்பும்படியான ஒரு நேரம். வேலையை நிறுத்த வேண்டிய நேரமே தவறாக அச்சாகி, ஒருவருக்கும் தெரியாமல் சுவரேறிவிடும்.

அம்புக்குறிக்கும் ஒரு சொல். படிகளை இணைக்கும் அம்பு வாசிப்பைச் சேர்ந்தது, அது திரும்புகிறது. நிழற்கூடத்தைக் காட்டும் அம்பு மண்ணைச் சேர்ந்தது. கூடம் வலது பக்கம் இருந்தால் எந்த மொழியில் எழுதினாலும் அது வலது பக்கமே. நிறுவனச் சின்னம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இடம் மாறலாம், ஆனால் உருவம் மாறக் கூடாது. ஒரே தாளில் இரண்டு மொழியும் வர வேண்டும் என்றால் வேலை கொஞ்சம் எளிது. வளைகுடாப் பலகைகளில் வழக்கமாகக் காண்பதுபோல் அரபி வலது பக்கம், ஆங்கிலம் இடது பக்கம், நடுவில் படம் என்று வைத்தால் இரண்டும் தத்தம் ஓரத்திலிருந்து தொடங்கும்.

சட்டகம் தயார். இப்போது எழுத்து.

அரபி எழுத்துகள் 28. பெரும்பாலானவை அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது உருவம் மாறும்: தனியாக நின்றால் ஒன்று, சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஆறு எழுத்துகள் மட்டும் (அலிஃப், தால், ஃதால், ரே, ஸே, வாவ்) தமக்குப் பின்னால் வருவதோடு ஒட்டாது. ஃபைலில் சேமிக்கப்படுவது எழுத்துகள் உச்சரிக்கப்படும் வரிசை மட்டுமே. எந்த உருவம் வர வேண்டும், எந்தத் திசையில் வர வேண்டும் என்பதைத் திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால், எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டு நிற்கும். எழுத்துகள் எல்லாம் அரபி எழுத்துகளே. சொல் மட்டும் எதுவும் இல்லை. உலகெங்கும் விமான நிலையங்களிலும் கடைகளிலும் தொங்கும் பிழையான அரபிப் பலகைகளில் கணிசமானவை இந்த வகை.

தமிழ் டிசைனருக்கு இது புதிதல்ல. யூனிகோட் தமிழை இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. இன்டிசைனின் பத்திப் பலகையின் மெனுவில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்க் கொம்பும் தன் இடத்துக்குப் போகும், அரபி எழுத்தும் கைகோத்துக்கொள்ளும். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இதற்கு இணையான தேர்வு, எழுத்து தொடர்பான அமைப்புகளில் இருக்கிறது. அதைத் தேடிப் போடாமல் இணையத்தில் கிடைக்கும் ‘அரபி ஒட்டும்’ கருவிகளிடம் போகிறவர்கள் உண்டு. அந்தக் கருவிகள் எழுத்துகளை ஏற்கெனவே ஒட்டிய உருவங்களாக மாற்றி, வரிசையையும் தலைகீழாக்கிக் கொடுக்கும். பார்க்க அச்சு அசலாக இருக்கும், அதுவும் ஒரே வரியில் இருக்கும்வரை. பெட்டி குறுகி வாசகம் இரண்டு வரியானால் குட்டு உடையும். தலைகீழாக்கிய வாசகத்தில் முதலில் இருப்பது வாக்கியத்தின் முடிவு. ஆகவே மேல் வரியில் முடிவும் கீழ் வரியில் தொடக்கமும் வந்து நிற்கும்.

எழுத்துகள் ஒட்டிவிட்டன, வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. பத்தியை வலது ஓரமாக ஒதுக்குவதும், பத்தியின் திசையை வலமிருந்து இடமாக அமைப்பதும் வேறு வேறு. முதலாவது வெறும் ஒதுக்கல். இரண்டாவதுதான் வாக்கியத்தின் துண்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. நிறுத்தக்குறி இல்லாமல் முழுக்க அரபியாக இருக்கும் ஒரு வரியில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. நம் போஸ்டரில், தண்ணீரோடு `ORS` பொட்டலத்தையும் கலந்து கொடுக்கச் சொல்லும் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் அரபி வாக்கியத்தின் நடுவில் வருகின்றன. பத்தியின் திசை இன்னும் இடமிருந்து வலமாகவே இருந்தால், `ORS`-க்கு முந்தைய அரபித் துண்டு அதன் இடது பக்கத்திலும், பிந்தைய துண்டு வலது பக்கத்திலும் போய் உட்காரும். அரபி வாசகர் வலதிலிருந்து படிப்பார். அவருக்குக் கிடைப்பது வாக்கியத்தின் பின்பாதி, பிறகு `ORS`, பிறகு முன்பாதி. ஒவ்வொரு சொல்லும் சரி, ஒவ்வொரு எழுத்தும் ஒட்டியிருக்கிறது, வாக்கியம் மட்டும் உடைந்துவிட்டது. அரபி தெரியாத எவரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை இது.

கண்டுபிடிக்க ஒரு நல்ல தடயம் உண்டு: முற்றுப்புள்ளி. திசை சரியாக இருந்தால் புள்ளி வாக்கியத்தின் இடது கோடியில் நிற்கும். தவறாக இருந்தால் வலது கோடியில், வாக்கியம் தொடங்கும் இடத்தில், முதல் சொல்லுக்கு முன்னால் நிற்கும். ஆச்சரியக்குறியும் அப்படியே. புள்ளி வலது பக்கம் தெரிந்தால் அதைப் பிடித்து இழுத்து இடது பக்கம் வைக்கிறவர்கள் உண்டு. அது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதுதான். பத்தியின் திசையை மாற்றினால் புள்ளி தானே நகரும், அதோடு கண்ணுக்குத் தெரியாத மற்றவையும் சரியாகும்.

எண்களுக்கு வருவோம். இந்த வேலையில் மிகவும் சிக்கலான இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று போகலாம். அரபி வலமிருந்து இடம் போனாலும், ஓர் எண்ணுக்குள் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் எழுதப்படுகின்றன. 2005 என்பது அரபி வாக்கியத்திலும் இரண்டில் தொடங்கி ஐந்தில் முடியும். அரபி வரி ஓடிக்கொண்டிருக்கும்போது எண் மட்டும் எதிர்த்திசையில் நிற்கும். ஒற்றை எண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை. எண்ணைத் துண்டு துண்டாக, நடுவில் இடைவெளியோ கோடோ விட்டு எழுதும்போதுதான் வினை.

தொலைபேசி எண்ணைப் பாருங்கள். முதல் வரியில் இருப்பது தட்டச்சு செய்தது. இரண்டாவது, வலமிருந்து இடம் போகும் பத்தியில் அது திரையில் தெரியும் விதம்:

```
800 555 0123
0123 555 800
```

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இலக்கங்கள் சரியாக இருக்கின்றன. துண்டுகள் மட்டும் வலமிருந்து இடமாக அடுக்கப்பட்டுவிட்டன. மென்பொருள் பிழை செய்யவில்லை. யூனிகோட் வகுத்திருக்கும் இருதிசை விதிகளின்படி, இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் சாதாரண இடைவெளி பத்தியின் திசையை எடுத்துக்கொள்ளும். மூன்று எண்கள் இருக்கின்றன, அவற்றை அரபி வரிசையில் அடுக்கியிருக்கிறேன் என்கிறது கணினி. இது மூன்று எண்களல்ல, ஒரே எண் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆபத்து என்னவென்றால், திரும்பிய எண்ணும் ஒரு தொலைபேசி எண்ணைப் போலவே தெரியும். மயங்கி விழுந்த ஒருவருக்காக அதை அழைக்கும்போதுதான் தவறு என்று தெரியவரும்.

எளிய தீர்வு, இடைவெளியே இல்லாமல் எழுதுவது. இடைவெளி வேண்டும் என்றால், வரி முறியாத இடைவெளியைப் போடலாம். அதன் குறியீடு `U+00A0`. வரி முடிவில் எண் உடையாமல் இருப்பதற்காக உண்டான குறி அது. ஆனால் இருதிசை விதிகள் அதைத் தசமப்புள்ளி, சாய்கோடு, முக்காற்புள்ளி ஆகியவற்றோடு ஒரே வகையில் சேர்த்திருக்கின்றன. எண்ணுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் வந்தால் எண்ணின் ஒரு பகுதியாகவே கருதப்படும், துண்டுகள் இடம் மாறா. பன்னாட்டு எண்ணின் முன்னால் வரும் கூட்டல் குறியும் இந்தப் பத்தியில் எண்ணின் வலது பக்கம் தாவிவிடும். அதற்குப் பதில் இரண்டு சுழியங்களைப் போட்டுவிடுவது தொந்தரவில்லாதது. எண்ணை ஒரு தனிப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்கு மட்டும் இடமிருந்து வலம் என்று திசை கொடுப்பது பலரும் செய்வது. மேற்கத்திய இலக்கங்களுக்கு அது போதும். கீழே சொல்லப்போகும் இன்னொரு வகை இலக்கங்களுக்குப் போதாது. அவை அந்தப் பெட்டிக்குள்ளும் துண்டு துண்டாக இடம் மாறும்.

இப்போது அதே போஸ்டரின் நேர வரி. 12:30 என்று போட்டு, ஒரு கோடு போட்டு, 3:00 என்று எழுதியிருக்கிறது. அரபிப் பத்தியில் ஒட்டியதும் 12:30 வலது பக்கமும் 3:00 இடது பக்கமும் வந்து நிற்கும். தொலைபேசி எண்ணில் சூடுபட்ட டிசைனர் இதையும் பார்த்துப் பதறி, இரண்டையும் மாற்றிப்போட்டுவிடுவார். இங்கே மாற்றக் கூடாது. அரபி வாசகர் வலதிலிருந்து 12:30 என்று தொடங்கி 3:00 என்று முடிப்பார், அதுதான் சரி. ஒரே விதி தொலைபேசி எண்ணைக் கெடுத்தது, நேர வரியைக் காப்பாற்றியது. தொலைபேசி எண் ஒரே பொருள், நேர வரி ஒன்றுக்குப்பின் ஒன்றாக வரும் இரண்டு பொருள்கள் என்பதே காரணம்.

இதிலும் ஒரு கோணல். இடைவெளி இல்லாமல், விசைப்பலகையில் இருக்கும் சிறு கோட்டைப் போட்டு, மேற்கத்திய இலக்கங்களில் எழுதினால், பத்தியில் அதற்கு முன்னால் அரபிச் சொல் ஏதாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அரபிச் சொல்லுக்குப் பின்னால் வந்தால் இரண்டு நேரங்களும் அரபி வரிசையில் அமையும். பத்தியின் தொடக்கத்திலேயே எண் வந்தால் ஆங்கில வரிசையில் நிற்கும். ஆக, வாக்கியத்துக்குள் சரியாக இருந்த நேரம், அதையே வெட்டியெடுத்துக் கடிகாரத்தின் கீழே தனிப் பெட்டியில் போட்டதும் திரும்பிவிடும். ஒரே போஸ்டரில் இரண்டு இடத்தில் இரண்டு விதம். இந்தச் சூதாட்டம் எதற்கு? கோட்டையே எடுத்துவிட்டு, ‘12:30 முதல் 3:00 வரை’ என்று சொற்களாலேயே எழுதித்தரும்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவிடுங்கள். அரபியில் அதற்கு இரண்டு குட்டிச் சொற்கள் போதும். சொற்கள் நடுவில் வந்துவிட்டால் எண்கள் எந்தப் பக்கம் நின்றாலும் பொருள் குழம்பாது.

இலக்கங்களின் உருவமும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்று. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் நாம் எழுதும் 1, 2, 3 தான் வழக்கம். எகிப்திலும் வளைகுடாவிலும் வேறு உருவங்கள் புழங்குகின்றன, மேற்கத்திய உருவங்களும் கூடவே புழங்குகின்றன. எதைப் போடுவது என்பது வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது. ஒரே தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பது மட்டும் நம் பொறுப்பு. அந்த இன்னொரு வகையில் ஐந்து என்பது ஒரு சிறு வட்டம், சுழியம் வெறும் புள்ளி. பழகாத கண் ஐந்தைச் சுழியம் என்று வாசிக்கும். ஆறு பார்ப்பதற்கு நம்முடைய ஏழைப் போல இருக்கும். மொழிபெயர்ப்பாளரின் தாளைப் பார்த்து எண்ணைக் கையால் தட்டச்சு செய்தால் தவறு நிச்சயம், ஒட்டுவதுதான் பாதுகாப்பு. இன்டிசைனில் இலக்கங்களை மாற்றும் மெனுவில் `Arabic` என்றால் 1, 2, 3 வரும். அரபு நாட்டு உருவங்கள் `Hindi` என்ற பெயரில் இருக்கும். வரலாற்றுக்கு அது நியாயம், அவசரத்தில் வேலை செய்கிறவருக்கு இல்லை.

இனி, இடத்துக்குள் அடக்குவது. அரபியில் குறில் உயிர்களைச் சாதாரணமாக எழுதுவதில்லை. ஆகவே ஒரு வரியின் நீளம் ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் குறையும். ஆனால் உயரம் கூடும். எழுத்துகளின் உடல் சிறியது. மேலே நிமிரும் கோடுகளும் கீழே இறங்கும் வளைவுகளும் புள்ளிகளும் நிறைய. ஒரே புள்ளி அளவில் வைத்தால் ஆங்கிலத்தின் பக்கத்தில் அரபி ஒடுங்கித் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணால் சரிசெய்வது என் வழக்கம். அளவுகோல் இங்கே உதவாது, ஏனென்றால் ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு இருப்பதுபோல் ஒரே சீரான உடல் உயரம் அரபிக்குக் கிடையாது. 940-இல் இறந்த பாக்தாத் அமைச்சர் இப்னு முக்லா, எழுதுகோலின் நாணல் நுனி வைக்கும் புள்ளியையும் அலிஃபின் உயரத்தையும் வைத்துத்தான் எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு அடோபி தானாகக் கொடுக்கும் 120 விழுக்காடு போதாது. மேல் வரியின் கீழ்ப்புள்ளிகள் கீழ் வரியின் மேற்புள்ளிகளோடு மோதினால் எது எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று தெரியாது. ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும் மொழி இது. 140-இல் தொடங்கி மேலே போய்ப் பாருங்கள்.

நம் ஆங்கிலத் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு இருந்தது. அரபியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. எழுத்து இடைவெளியோ ஒட்டிய கைகளைப் பிய்த்துவிடும். ஆங்கிலப் பெட்டியின் அமைப்புகளோடு அரபியை ஒட்டினால் அந்த இடைவெளியும் கூடவே வரும், ஆகவே அதை முதலில் சுழியமாக்குங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எடை, பெரிய அளவு, நிறம் இவை போதும். தலைப்புக்கு நேர்கோட்டு வடிவுள்ள கூஃபி வகை எழுத்துரு, சிறு வாசகங்களுக்கு நஸ்ஃக் என்பது நம்பகமான தேர்வு. நதீன் ஷஹீன் வடிவமைத்த ஃப்ரூட்டிகர் அரபிக் போல, ஆங்கில எழுத்துருவுக்கு இணையாகவே உருவானவை இருமொழிப் போஸ்டருக்கு மிகவும் பொருந்தும். காலித் ஹொஸ்னியின் அமீரி இலவசமாகக் கிடைக்கிறது, அழகானது. ஆனால் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தின் புத்தக எழுத்தைப் பின்பற்றியது. வெயிலில் இருபது அடி தள்ளி நின்று படிப்பதற்கான எழுத்தல்ல அது.

வரி குறுகி இடம் மிச்சமானால் எழுத்தை இழுத்து நிரப்ப ஆசை வரும். அரபியில் இணைப்புக் கோட்டை நீட்டும் வழக்கம் உண்மையிலேயே உண்டு, அதற்குக் கஷீதா என்று பெயர். எங்கே நீட்டலாம், எங்கே நீட்டக் கூடாது என்பதற்குக் கையெழுத்துக் கலைஞர்களின் விதிகளும் உண்டு. அவை தெரியாமல் நீட்டினால் அசிங்கமாக இருக்கும். மிச்சமான இடம் மிச்சமாகவே இருக்கட்டும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரக்கோடு போடும் பேனர் பழக்கம் இங்கே ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவரும். பல அரபி எழுத்துருக்களில் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து இன்னொன்றின் மேல் சிறிது ஏறியிருக்கும். ஓரக்கோடு போட்டதும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வெட்டுக்கோடு தெரியும். எழுத்தை அவுட்லைனாக மாற்றி, உருவங்களை ஒன்றாக இணைத்த பிறகே கோடு போட வேண்டும்.

அரபி தெரியாமல் எவ்வளவு தூரம் சரிபார்க்கலாம்? ஓரளவுக்கு. மொழிபெயர்ப்பாளரிடம் வேர்ட் ஃபைலோடு அதன் பி.டி.எஃப்பையும் கேட்டு வாங்குங்கள். அதைப் படமாகப் பாவித்து, போஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் உருவத்துக்கு உருவம் ஒப்பிடலாம். சொற்களுக்குள் சீரான இடைவெளி விழுந்திருக்கிறதா, முற்றுப்புள்ளி எந்தக் கோடியில் நிற்கிறது, ஆங்கிலச் சொல்லுக்கு இரு பக்கமும் இருப்பவை பி.டி.எஃப்பில் இருக்கும் அதே பக்கங்களில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். லாமும் அலிஃபும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு ஒரே உருவமாக நிற்க வேண்டும். தனித்தனியே நின்றால் மென்பொருள் தன் வேலையைச் செய்யவில்லை.

இதெல்லாம் முதல் சல்லடை மட்டுமே. பக்கம் முடிந்த பிறகு, அச்சுக்குப் போகும் அதே பி.டி.எஃப்பை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்புக்கான கூலியில் இந்த வாசிப்பு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. தொடக்கத்திலேயே பேசி, அதற்கும் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது. வாக்கியம் முறிந்த இடத்தையும் அவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைப்பை இரண்டு வரியாக்கும்போது எந்தச் சொல்லோடு நிறுத்துவது என்பது டிசைனர் கையில் இருந்தால் அது குருட்டு யோகம்தான்.

அவர் ஒப்புதல் கொடுத்ததும் எழுத்தை அவுட்லைனாக்கி அச்சகத்துக்கு அனுப்புங்கள். அங்கே இருக்கும் கணினியில் எழுத்துருவோ சரியான கம்போசரோ இல்லாமல் போனாலும் ஒன்றும் கலையாது. திருத்தக்கூடிய மூல ஃபைலையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். அடுத்த கோடையில் உதவி எண் மாறியிருக்கலாம். அப்போது கையில் அவுட்லைன் மட்டும் இருந்தால், யாரோ ஒருவர் பழைய இலக்கங்களை வெட்டி ஒட்டிப் புதிய எண்ணை உண்டாக்கப் பார்ப்பார். அந்த வட்டம் ஐந்தா சுழியமா என்று அவருக்குத் தெரிந்திருக்காது.